நூறிலிருந்து ஏழு ஏழாக

அந்த ஆஸ்பத்திரி வாட்டில் பதினெட்டுக் கட்டில்கள் இருந்தன. ஜன்னல்கள் ஒன்பது. ஒன்பதுக்கும் குரங்கு நுழையாமலிருக்கக் கம்பிவலை அடித்திருந்தார்கள். வலைக்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் ஒரு தேயிலைச் சரிவு, அதற்கு மேல் பனிமூட்டம். எனக்குக் கிடைத்தது பதினோராம் நம்பர் கட்டில். அதன் நேர் மேலே கூரைப் பலகையில் ஈரம் ஊறி ஒரு கறை. அந்தக் கறையைத் தவிர்த்துவிட்டுப் பலகைகளை எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா என்பதே முதல் நாள் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது.

பதுளையைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பெயர் வேண்டாம். நான் அங்கே போக விரும்பியவனல்ல. லுணுகலை பஸ் தரிப்பில் கால் தடுக்கி விழுந்தேன், நெற்றியில் காயம். தையல் போட்ட இடத்தில் யாரோ என் வலது கையைப் பார்த்துவிட்டார்கள். பண்டாரவளையில் இருக்கும் என் மகளுக்குச் செய்தி போனது. அவள் வந்து, நான் எதிர்பார்த்த சண்டையைப் போடாமல், துணிப்பையில் கட்டிக்கொள்ள இரண்டு சாரமும் ஒரு சவர்க்காரமும் வைத்து என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

வலது கை நடுங்குவது எனக்கு முன்பே தெரியும். ஒரு வருடத்துக்கு மேலாகத் தெரியும். பெருவிரல் சுட்டுவிரல் மேல் உருளும், விபூதியைத் தேய்த்து உதிர்ப்பதுபோல. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் பத்திரிகை. பத்திரிகையை இறுக்கிச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டால் கை அடங்கிவிடும். கடைக்கு, கோயிலுக்கு, ஓய்வூதியத்துக்கு, எங்கே போனாலும் சுருட்டிய பத்திரிகையோடு போனேன். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் ஊரார் என்னைச் செய்திப் பித்தன் என்று மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வைத்தியம் எண்ணுவது. கை ஆடத் தொடங்கும்போது எதையாவது எண்ணி மனசை அங்கே கட்டிப்போடுவேன். அது உதவியதா என்று நான் ஒரு நாளும் கையைப் பார்த்துச் சோதித்ததில்லை. பார்ப்பதைத் தவிர்க்கத்தானே எண்ணினேன்.

பன்னிரண்டாம் கட்டிலில் ஒருவர் இருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவரும் கை நடுங்குகிறதென்றுதான் வந்திருந்தார். வைத்தியர் யார் வந்தாலும், நர்ஸ் மிஸ்ஸி வந்தாலும், தரை துடைக்கிற ஆள் வந்தாலும்கூட, எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் துரைக்கு முன்னால் நிற்கிற கட்டு. நம்முடைய தோட்டத்து ஜனங்களுக்கு அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல. எனக்கும் என் அப்பாவிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகு கஷ்டப்பட்டு அதை விட்டொழித்தேன். என் கை பத்திரிகைக்குள் ஒளிந்திருந்தது, அவர் கை மரியாதைக்குள் ஒளிந்திருந்தது. வைத்தியருக்கு எங்கள் இருவரின் கையும் கிடைக்கவில்லை.

அவர் பேசும்போது நாக்குத் தடித்ததுபோல் சொற்கள் இழுபட்டன. நடந்தால் கால்கள் இரண்டையும் அகலமாக வைத்து, படகில் நிற்பவர்போல நடந்தார். சின்ன வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது, தினமும் மாத்திரை. சில மாதங்களுக்கு முன் தொழிற்சாலையில் வலிப்பு வந்து விழுந்ததால் எங்கோ ஒரு கிளினிக்கில் இன்னொரு மாத்திரை கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தள்ளாட்டம் என்று அவரே சொன்னார். ஆனால் சொன்ன விதத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை, நான் உட்பட. தோட்டத்தில் முழுப்பேரும் அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். தொழிற்சாலைக்குள் விடவில்லை. இந்த மாதத்துக்குள் டாக்டர் கடிதம் கொண்டுவராவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு சொட்டு தொடாம குடிகாரன்னு பேர் வாங்கியாச்சு சேர்," என்றார் என்னிடம். "எம் பொஞ்சாதி தெனமும் வாயை மோந்து பாக்குறா. கல்யாணம் கட்டின புதுசுல கூட இம்புட்டுப் பக்கத்துல வந்ததில்ல."

முதல் நாள் சாயங்காலம் பாலில்லாத பிளேன்டி வந்தபோதுதான் அவருடைய நடுக்கத்தை முழுதாகப் பார்த்தேன். கோப்பை மேசையில் இருந்தது. கை நேராகத்தான் கிளம்பியது. பாதி வழிவரை ஒன்றுமில்லை. கோப்பையை நெருங்க நெருங்க இடமும் வலமுமாக அலைந்து, அலைச்சல் பெரிதாகி, கடைசியில் கோப்பையைத் தாண்டிப் போய் மேசை விளிம்பில் இடித்தது. திரும்ப வந்தபோது தட்டிவிட்டது. மிஸ்ஸி முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். அடுத்த கோப்பையை நான் எடுத்து அவர் வாய்க்குக் கொடுத்தேன். பத்திரிகையைக் கட்டிலில் வைத்துவிட்டு வலது கையால்தான் கொடுத்தேன். ஒரு துளி சிந்தவில்லை.

அவர் குடித்து முடித்ததும் கோப்பையை வைத்துவிட்டு மடியில் கையை வைத்தேன். அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அவர் பார்த்தார். அவருடைய கை மெத்தைமேல் அசையாமல் கிடந்தது.

"நம்ம ரெண்டு பேரு கையையும் சேத்தா ஒரு முழுக் கை தேறும் சேர்," என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கூரைப் பலகையை எண்ணியவன் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

மறுநாள் பகல் இளம் வைத்தியர் வந்தார். படிப்பு முடித்துப் புதிதாக வந்தவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. களைத்துப் போயிருந்தார். என்னிடம் மரியாதையாகப் பேசினார். நான் உட்கார்ந்திருந்தேன், கையில் பத்திரிகை. கையைச் சற்று நேரம் கவனித்துவிட்டு ஓய்வில் நடுக்கமில்லை என்று எழுதினார். பிறகு என் விரலால் என் மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். தொட்டேன். நேராகப் போய்த் தொட்டேன். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி அவரை ஏதோ கேட்டார். என் விரல் அவர் விரலில் முட்டியபடி இருக்க, அப்படியே வைத்திருங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பி அவருக்குப் பதில் சொன்னார். கை நீட்டியபடியே நின்றது. முதலில் சும்மா இருந்தது. சில வினாடிகள் போனதும் நடுங்கத் தொடங்கியது. அவர் திரும்பியபோது அவர் கண்ட காட்சி, இலக்கில் விரல் வைத்தபடி நடுங்குகிற ஒரு கிழவன்.

பிறகு பன்னிரண்டாம் கட்டில். அவர் வழக்கம்போல எழுந்து, முதுகுக்கு ஒன்றுமில்லாமல், கால் தொங்க விளிம்பில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். உடம்பே முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. கட்டிய கைகளும் அதோடு சேர்ந்து ஆடின. விரலைத் தொடச் சொன்னபோது இளம் வைத்தியர் தன் விரலை அவர் முகத்துக்கு மிகப் பக்கத்தில் பிடித்திருந்தார். கையை நீட்டவே தேவையில்லை. லேசாக அலைந்து தொட்டுவிட்டது. மாத்திரை பற்றியும் கேட்டார், எழுதினார், அதோடு விட்டார்.

போகும் வழியில் வாசலருகே நின்று தொலைபேசியில் பெரிய டாக்டரம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். வாசல் என் கட்டிலுக்கு அடுத்ததற்கு அடுத்தது, எல்லாம் காதில் விழுந்தது. பதினொன்றுக்கு இலக்கை நெருங்கும்போது வரும் நடுக்கம், சிறுமூளையாக இருக்கலாம். பன்னிரண்டுக்கு ஓய்வில் வரும் நடுக்கம், பேச்சும் குழறுகிறது, பார்க்கின்சனாக இருக்கலாம்.

அவர் போனைப் பைக்குள் வைத்ததும் கூப்பிட்டு, கேட்டதை ஒளிக்காமல், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கோபிக்காமல் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். சிறுமூளை தலைக்குப் பின்புறம் கீழே இருக்கிறது. கை ஒன்றை நோக்கிப் போகும்போது, போக நினைத்த பாதையையும் உண்மையில் போகிற பாதையையும் ஒப்பிட்டு, பிழை வரும் முன்னே திருத்துவது அதன் வேலை. அது கெட்டால் திருத்தம் பிந்தி வரும். கை தாண்டிப் போகும், இழுத்தால் மறுபக்கம் தாண்டும், இலக்குக் கிட்டக் கிட்ட ஆட்டம் கூடும். மற்றது மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்கள், பேசல் கேங்லியா என்பார்கள். அவை மேல்மூளையோடு ஒரு வட்டமாகத் தொடர்புகொண்டு அசைவுகளைத் திறந்தும் அடக்கியும் விடுகின்றன. டோபமின் என்ற ஒன்று அங்கே குறைந்தால், கை வேலையின்றிக் கிடக்கும்போது அந்த வட்டம் தானாக ஒரு தாளத்தில் விழுந்துவிடும். கை வேலை செய்யத் தொடங்கினால் தாளம் உடையும்.

எது நல்லது என்று கேட்டேன். சிறுமூளைக் கோளாறு எல்லாமே நல்லதல்ல, ஆனால் சிலவற்றுக்குத் திருப்பக்கூடிய காரணம் இருக்கும், தேடிப் பார்க்கலாம். பார்க்கின்சன் திரும்பாது, மாத்திரையால் தாங்கலாம் என்றார்.

ஆக, இரண்டு கட்டில், இரண்டு நடுக்கம், ஒன்றுக்கு வெளியே வரக் கதவு உண்டு, ஒன்றுக்கு இல்லை. கதவு உள்ள கட்டில் என்னுடையது. எழுபத்தேழு வயதில் நான் அதற்கு அவ்வளவு ஆசைப்படுவேன் என்று எனக்கே தெரியாது. படுத்துக் கூரையைப் பார்த்தேன். கறையைச் சேர்த்தே எண்ணினேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். எனக்குச் சிறுமூளைதான், காரணம் தேடுகிறார்கள் என்று ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் சொன்னேன். அவள் என் கையெழுத்தைப் பற்றிக் கேட்டாள். தனக்கு அனுப்பும் கடிதங்களில் எழுத்து வரவரக் குறுகி எறும்பு மாதிரி ஆகிவிட்டதே, அதைச் சொன்னீர்களா என்றாள். கண் பிரச்சினை என்றேன். கறிவாசம் தெரியவில்லை என்று போன வருடம் சொன்னீர்களே என்றாள். மூக்கடைப்பு என்றேன். அவள் என் சாரத்தை மடித்து வைக்கத் தொடங்கினாள். பெண்பிள்ளைகள் பேசாமல் இருப்பது ஒரு வகைச் சோதனை.

பக்கத்துக் கட்டிலுக்கு அவருடைய மனைவி வந்திருந்தார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே, இடுப்பில் சுற்றும் படங்குச் சேலையை மட்டும் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர். விரல்நுனிகளில் கொழுந்துக் கறை. இளம் வைத்தியர் இங்கிலீசில் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனதாக அவரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு என்னானு சொன்னாங்க? ஒங்களுக்குத்தான் புரியுமே."

எனக்குப் புரிந்திருந்தது. திரும்பாத கட்டில் அது என்று புரிந்திருந்தது. பெரிய டாக்டரம்மா நாளைக்கு வருவார், அவர் பார்க்காமல் எதுவும் முடிவில்லை அம்மா என்று சொன்னேன். அது உண்மையும்கூட. அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குடினு சொன்னாங்களா?"

"இல்லைம்மா. குடினு யாரும் சொல்லல."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்க் கணவருக்குச் சோறு பிசைந்தார். ஊட்டும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார், மனைவிக்கு முன்னாலும். பழக்கம்.

காலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் மெதுவாகப் பேசுவார், ஆனால் தேடிப் பிடித்துச் சரியான சொல்லைப் போடுவார். வந்தவுடன் தொடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னோடு கதைத்தார். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, பிள்ளைகளுக்குப் பின்னம் பிடிக்குமா. நான் பெருமையாகப் பதில் சொன்னேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினார்.

"ஐயா, அந்தப் பேப்பரை எனக்குத் தாங்க."

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க வழியில்லை. தலையணை ஒன்றை என் மடியில் வைத்து இரண்டு முன்னங்கையையும் அதன்மேல் வைக்கச் சொன்னார். முழங்கை, மணிக்கட்டு, எல்லாப் பாரமும் தலையணைமேல் இருக்க வேண்டும், நீங்கள் எதையும் தூக்கிப் பிடிக்கக்கூடாது என்றார். இளம் வைத்தியரிடம், கைக்கும் உடம்புக்கும் தாங்கல் கொடுக்காமல் ஓய்வு என்று எழுதக்கூடாது என்று சொன்னார். அதட்டவில்லை.

கை சும்மா இருந்தது. கை உண்மையாகவே சும்மா இருந்தது. எனக்கு உள்ளே ஒரு கொண்டாட்டம் எழுந்தது.

"நீங்க கணக்கு மாஸ்டர்தானே. நூறிலயிருந்து ஏழு ஏழா கழிச்சிக்கிட்டே போங்க. சத்தமா."

இப்படிப்பட்ட கேள்வியை என்னிடம் கேட்க யாருமில்லாமல் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு. பக்கத்துக் கட்டில்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. எல்லாரும் என் வேகத்தை வியக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு, முப்பத்தேழு, முப்பது, இருபத்து மூன்று, பதினாறு, ஒன்பது, இரண்டு.

"மிச்சம் ரெண்டு," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் தலையணையைப் பார்த்தார்கள். என் வலது கையின் பெருவிரல் சுட்டுவிரல்மேல் உருண்டுகொண்டிருந்தது, மணிக்கட்டும் அதற்குத் தாளம் போட்டது. வினாடிக்கு ஐந்து இருக்கும். எண்ணினேன். எண்ண எண்ண அது பெரிதானது.

பதினான்கு விடையும் சரி. எந்தக் கணக்கும் என்னை அப்படிக் காட்டிக்கொடுத்ததில்லை.

டாக்டரம்மா இளம் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். நோயாளி கையையே நினைத்துக்கொண்டிருந்தால் சில சமயம் அடக்கி வைத்துவிடுவார். மனசுக்கு ஒரு வேலை கொடுத்தால் கை தன் சுயத்துக்கு வந்துவிடும், அதனால்தான் கணக்கு. பிறகு தன் விரலைத் தள்ளிப் பிடித்து என்னைத் தொடச் சொன்னார். கை தலையணையை விட்டுக் கிளம்பியதுமே நடுக்கம் நின்றுவிட்டது. நேராகப் போனது. தொட்டது. அப்படியே வைத்திருக்கச் சொன்னார். பொறுங்கள், பாருங்கள் என்று இளம் வைத்தியரிடம் சொன்னார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே நடுக்கம், அதே தாளம், மெல்லத் திரும்பி வந்தது. இது இலக்கை நெருங்குவதால் வரும் நடுக்கமல்ல, கை ஓரிடத்தில் நின்றுவிட்டதால் ஓய்வு நடுக்கமே மீண்டும் தலைகாட்டுவது, நீங்கள் பார்த்தது இதைத்தான் என்றார். பிள்ளையின் காது சிவந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தவறைச் செய்தவர் அவர்.

மணிக்கட்டைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். பல்லுச் சக்கரம் மாதிரி விட்டு விட்டு இளகுகிறது என்றார். விரல்களைத் தட்டச் சொன்னார். என் விரல்கள் பெரிதாகத் தொடங்கி, தட்டத் தட்டக் குறுகின, என் எழுத்தைப் போலவே. நடக்கச் சொன்னார். இடது கை வீசியது, வலது கை வீசாமல் தொங்கிக்கொண்டே விபூதி தேய்த்தது. தலைசுற்றலுக்கோ வயிற்றுக்கோ நீண்ட நாளாக ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டார். சில மாத்திரைகளும் இப்படிச் செய்யும் என்றார். இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு ஏதாவது ஒரு மாத்திரை இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. வலது கை என்பதால் மூளையின் இடது பக்கத்து ஆழத்தில் என்றும், சிறுமூளையானால் அதே பக்கமாக இருந்திருக்கும் என்றும் இளம் வைத்தியரிடம் சொன்னார். உயிரோடு இருக்கும்போதே என்னை ஒரு படமாக வரைந்து காட்டியதுபோல் இருந்தது.

பிறகு பன்னிரண்டு. அவர் எழுந்து விளிம்பில் உட்கார்ந்து கையைக் கட்டப் போனார். டாக்டரம்மா தடுத்தார்.

"கட்ட வேணாம். நான் துரை இல்லை. படுங்க."

அவருக்கு அது பெரிய சங்கடம். டாக்டர் நிற்கும்போது படுப்பதா. மிஸ்ஸி தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். தலைக்குத் தலையணை, கைகள் இருபுறமும் மெத்தையில். உடம்பு தாங்கப்பட்டதும் ஆட்டமெல்லாம் நின்றது. கைகள் கல்லுப்போல் கிடந்தன. நூறிலிருந்து கழிக்கச் சொன்னார்.

"எனக்கு ஏழெல்லாம் வராதுங்க அம்மா."

சரி, தோட்டத்தில் மலைகளுக்கு நம்பர் இருக்கிறதே, கடைசி மலையிலிருந்து முதல் மலைவரைக்கும் யார் யார் கங்காணி என்று தலைகீழாகச் சொல்லுங்கள் என்றார். அவர் குழறிக் குழறி, ஆனால் ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு, ஆடு என்று மனசுக்குள் சொன்னேனா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அது அசையவில்லை.

பிறகு டாக்டரம்மா தன் விரலைக் கை நன்றாக நீட்டினால் மட்டும் எட்டும் தூரத்தில் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மூக்கிலிருந்து விரல் புறப்பட்டது. பாதி வழி நேர். அதற்குப் பிறகு இடம் வலம், இடம் வலம், ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலம். கடைசியில் விரலைத் தாண்டிப்போய் டாக்டரம்மாவின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவர் பதறி மன்னிப்புக் கேட்டார். டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். ஓரத்துக்குப் பார்க்கச் சொன்னபோது கண்மணிகள் துள்ளித் துள்ளித் திரும்பின. ஒரு உள்ளங்கையில் மறு கையை முன்னும் பின்னுமாகத் திருப்பித் தட்டச் சொன்னபோது தாளம் கெட்டு எங்கெங்கோ விழுந்தது. பேச்சும் நடையும் அதே சிறுமூளையின் கதைதான் என்றார்.

மனைவி விட்டுப்போன பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கச் சொன்னார். பார்த்ததும் தலையசைத்தார். இந்த வலிப்பு மருந்தை ஈரல் ஓர் அளவுவரைதான் கழிக்கும். அந்த எல்லையைத் தாண்டினால், ஒரு மாத்திரை கூட்டியதற்கு இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும் என்று இளம் வைத்தியரிடம் சொன்னார். விகிதசமம் அல்ல என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். இரத்தம் எடுத்து மருந்தின் அளவு பார்க்க அனுப்பினார்கள். அளவு மிக அதிகம் என்று வந்தது. மருந்தை நிறுத்திவைத்து, பிறகு குறைத்து, வலிப்புக்கு வேறொன்று சேர்த்தார்கள். பெரும்பாலும் திரும்பிவிடும், நீண்ட நாள் இப்படியே விட்டிருந்தால் சிறுமூளை நிரந்தரமாகக் கெட்டிருக்கும் என்றார் டாக்டரம்மா.

கதவு இடம் மாறிவிட்டது. கட்டில்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்று சாயங்காலம் அவர் மனைவி வந்தபோது நான் கூப்பிட்டுச் சொன்னேன். மருந்து கூடிப்போச்சும்மா, குறைத்தால் கை நிற்கும், குடியில்லை என்று டாக்டரம்மா கடிதமும் தருவார். அவர் பையைக் கீழே வைத்தார். கணவரைப் பார்க்கப் போகாமல் என்னையே பார்த்தார்.

"அப்ப நேத்தைக்கு நீங்க ஏன் மொகத்த அப்படி வச்சிருந்தீங்க?"

நான் போர்வையை இழுத்து மடித்தேன். அவர் விடவில்லை.

"ஒங்களுக்கு என்னானு சொன்னாங்க ஐயா?"

"எனக்கு நிக்காதும்மா. எனக்கு மத்தது."

அவர் கொண்டுவந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். மகள் வந்ததும் அவளிடமும் சொன்னேன். கையெழுத்தையும் மூக்கையும் அவள் திருப்பி எடுத்துப் பேசவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரின் நடை நாளுக்கு நாள் ஒடுங்கி நேரானது. ஒரு காலை பிளேன்டி வந்தபோது கோப்பையைத் தானே எடுத்தார். வாயருகே கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சந்தோஷத்தைக் காட்டவா மறைக்கவா என்று தெரியாமல் வெட்கப்பட்டார். போகும்போது கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். கட்டிய கை ஆடவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், கம்பிவலை, மதில், சரிவு, பனி. அவர் அந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்த்தேன்.

இப்போது எனக்கு மாத்திரை இருக்கிறது. அது வேலை செய்கிறபோது விறைப்பு இளகுகிறது, எழுத்து சற்றுப் பெரிதாகிறது. நடுக்கம் பாதிதான் அடங்கும். அடுத்த வேளை நெருங்க நெருங்க அது கதவைத் தட்டும். ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. எதையாவது எடுக்கப் போகும்போது கை என்னுடையது. கோப்பை, சாவி, செருப்பு, கதவுத் தாழ். எடுத்ததை வைத்துவிட்டு உட்கார்ந்தால் என்னுடையதல்ல. ஆகவே வீட்டில் நான் எதையாவது எடுத்துக்கொண்டேயிருக்கிறேன். மகள் அப்பா சும்மா இருங்களேன் என்கிறாள். சும்மா இருப்பதுதானே வியாதி. இன்னொன்று, எண்ணக்கூடாது. எண்ணினால் அது கூடுகிறது. எழுபது வருடமாக என்னைத் தாங்கிய கைத்தடியே என்னைத் தள்ளிவிடுகிறது. எண்ணாமலிருக்க முயன்று பார்த்தேன். எத்தனை தடவை முயன்றேன் என்பதும் தெரியும்.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில் பன்னிரண்டாம் கட்டில்காரரைச் சந்தித்தேன். வலிப்பு மருந்து வாங்க வந்திருந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்று டாக்டரம்மா கடிதத்தில் எழுதியதால் கையால் தேயிலைத்தூள் சலிக்கும் பக்கம் போட்டிருக்கிறார்களாம். பழைய குடிகாரப் பேர் மட்டும் முழுதாகப் போகவில்லையாம், லயத்து வீடுகளில் சின்னப் பிள்ளைகள் இன்னும் அவர் நடையை நடித்துக் காட்டுகிறார்களாம். பக்கத்தில் உட்கார்ந்தார். என் வலது கை மடியில் உருண்டுகொண்டிருந்தது. பத்திரிகை கொண்டுபோவதை நிறுத்தியிருந்தேன். அவர் கேட்காமலே தன் கையை அதன்மேல் வைத்தார். பாரம் பட்டதும் சற்று அடங்கியது, கீழே துடித்துக்கொண்டே அடங்கியது. என் நம்பரைக் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.

உள்ளே டாக்டரம்மா வழக்கம்போல மடியில் தலையணை வைத்தார். நூறிலிருந்து ஏழு ஏழாக என்றார். நான் கடகடவென்று ஒப்பித்தேன். அது இப்போது கணக்கல்ல, வாய்ப்பாடு. கை ஏறக்குறையச் சும்மா இருந்தது. நான் அவரை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் சிரித்தார். "மாஸ்டர் பாடமாக்கிட்டீங்க. இருநூறிலயிருந்து பதின்மூணு பதின்மூணா போங்க."

நூற்றெண்பத்தேழு, என்றேன். கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். நூற்று எழுபத்து நான்கு. தலையணைத் துணி உரசத் தொடங்கும் சத்தம் கேட்டது. நூற்று அறுபத்தொன்று. போதும் என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். நூற்று நாற்பத்தெட்டு என்றேன், அதற்கடுத்ததையும் சொன்னேன்.